எரிந்த 5 எச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்டுவது: கணக்கெடுப்பதிலிருந்து வார்னிஷ் வரை

மாவு மில் ஒன்றிலிருந்து வந்த மோட்டாரை வைத்தே இதை எழுதுகிறேன். 5 எச்.பி., மூன்று பேஸ், 415 வோல்ட், டெல்டா, 7.5 ஆம்பியர், 1440 ஆர்.பி.எம். ஸ்டேட்டரில் 36 ஸ்லாட். இந்த அளவு மோட்டார்தான் பட்டறைக்கு அதிகம் வரும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவதும் இதில்தான். கம்பி இறக்கத் தெரியாமல் அல்ல, பழைய காயிலில் இருந்த கணக்கைச் சரியாக எடுக்காமல் தடுமாறுகிறார்கள். பழைய செம்பு எடைக்குப் போய்விட்டால் அந்தக் கணக்கைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் கட்டுரையில் பாதி கணக்கெடுப்பதைப் பற்றியே இருக்கும்.

1. கையில் இருக்க வேண்டியவை

மைக்ரோமீட்டர், மெகர் (500 வோல்ட்), குறைந்த ஓம் காட்டும் நல்ல மீட்டர், டாங் டெஸ்டர், சமையல்கட்டுத் தராசு மாதிரி ஒரு தராசு, சின்னத் திசைகாட்டி, 12 வோல்ட் பேட்டரி. அப்புறம் ஒரு நோட்டும் போன் கேமராவும். எனாமல் கம்பி, ஸ்லாட் பேப்பர், ஸ்லீவ், காட்டன் டேப், மூங்கில் குச்சி எல்லாம் கணக்கெடுத்த பிறகு வாங்கினால் போதும். முதலிலேயே கம்பி வாங்கி வைத்தால், கையில் இருக்கிற கம்பிக்கு ஏற்பக் கணக்கை வளைக்கத் தோன்றும்.

2. எரிந்த விதத்தைப் படியுங்கள்

மூடியைக் கழற்றியதும் காயில் தலைகளைப் பாருங்கள். எது கறுத்திருக்கிறது, எது பழைய நிறத்தில் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எல்லாம் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு, அல்லது ரோட்டர் சுற்ற முடியாமல் நின்றிருக்கிறது. ஒரே ஒரு இடம் மட்டும் உருகிக் குழியாகியிருந்தால் சுற்றுக்குச் சுற்று ஷார்ட், அல்லது ஸ்லாட் வாயில் பேப்பர் கிழிந்து பாடியில் அடித்திருக்கிறது.

மாவு மில் மோட்டாரில் மொத்தம் ஆறு குரூப். அதில் எதிரெதிரே இருந்த இரண்டு குரூப் மட்டும் கரி; மற்ற நான்கும் கிட்டத்தட்டப் புதுசு. இது டெல்டாவில் ஒரு பேஸ் போனதன் அடையாளம். லைனில் ஒரு கம்பி விட்டுப்போனால், மீதி இரண்டு லைனுக்கும் நேராக இருக்கும் பேஸ் முழு வோல்டேஜையும் வாங்குகிறது; மற்ற இரண்டு பேஸும் சீரிஸாகி, அதில் பாதி கரண்ட்தான் எடுக்கும். ஸ்டாரில் இதே கோளாறு வந்தால் இரண்டு பேஸ் எரியும், அதாவது நான்கு குரூப் கறுக்கும், இரண்டு தப்பிக்கும். ஆக, எரிந்த விதமே உள்ளே என்ன கனெக்‌ஷன் என்பதற்கு ஒரு சாட்சி. பெயர்ப்பலகை அழிந்துபோன மோட்டாரில் இது ரொம்ப உதவும்.

3. வெட்டுவதற்கு முன் எழுத வேண்டியவை

பெயர்ப்பலகையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்லாட்டை எண்ணுங்கள். கேபிள் வெளியே போகும் துளைக்கு நேராக இருக்கும் ஸ்லாட்டில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி, அதை ஒன்றாம் ஸ்லாட் என்று வையுங்கள். சாக்பீஸ் சூட்டில் போய்விடும்.

அடுத்து பிட்ச். ஒரு காயிலின் ஒரு பக்கம் இருக்கும் ஸ்லாட்டை 1 என்று வைத்து, மறுபக்கம் எத்தனையாவது ஸ்லாட்டில் இறங்குகிறது என்று எண்ணுங்கள். தொடங்கும் ஸ்லாட்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். புதியவர்கள் தொடங்கும் ஸ்லாட்டை விட்டுவிட்டு எண்ணி ஒன்று குறைத்துவிடுவார்கள். அதனால் நோட்டில் "பிட்ச் 8" என்று எழுதாமல் "1-லிருந்து 8" என்று எழுதும் பழக்கம் வையுங்கள்.

இந்த மோட்டாரில் ஒரு குரூப்புக்கு மூன்று காயில், ஒன்றுக்குள் ஒன்றாக. சின்னது 1-லிருந்து 8, நடுவில் உள்ளது 1-லிருந்து 10, பெரியது 1-லிருந்து 12. பட்டறைப் பேச்சில் 8-10-12. நான்கு போல், 36 ஸ்லாட் என்றால் ஒரு போலுக்கு 9 ஸ்லாட். இந்த மூன்று காயிலின் சராசரியும் 9 ஸ்லாட் தூரம்தான். சரியாக எண்ணினோமா என்று பார்க்க இது ஒரு நல்ல வழி. ஸ்லாட்டுக்கு ஒரே காயில் பக்கம் என்பதால் மொத்தம் 18 காயில்.

இன்னொரு அளவை யாரும் எடுப்பதில்லை: கோர் முகத்திலிருந்து காயில் தலை எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது. ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். புதுக் காயில் அதைவிட நீண்டால் மூடி மாட்டும்போது தட்டும். குறைந்தால் கடைசி காயில் இறங்காது.

கடைசியாக, காயில் தலைக்கு மேல் ஓடும் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்து வரையுங்கள். எந்தக் குரூப்பின் முடிவு எந்தக் குரூப்பின் தொடக்கத்துக்குப் போகிறது என்பதுதான் முக்கியம்.

4. சுற்றும் கேஜும்

லீட் வராத பக்கத்தில், கோர் முகத்தை ஒட்டி உளியால் காயிலை வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் கம்பி முனைகள் புள்ளிகளாகத் தெரியும். இந்த மோட்டாரில் ஒரு ஸ்லாட்டில் 104 புள்ளி.

இங்கேதான் பெரிய தவறு நடக்கும். 104 என்பது கம்பிகளின் எண்ணிக்கை, சுற்று அல்ல. அந்தக் காலத்தில் என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் 104 சுற்று என்று எழுதி, இரட்டைக் கம்பியில் 104 சுற்று சுற்றிவிட்டு, ஏன் பாதிக்கு மேல் ஸ்லாட்டில் இறங்கவில்லை என்று மதியம் வரை போராடினான். லீட் வெளியே வரும் இடத்தில் ஸ்லீவை உரித்துப் பாருங்கள். அங்கே இரண்டு கம்பி சேர்ந்து வந்தால் அது இரட்டைக் கம்பிச் சுற்று. 104-ஐ இரண்டால் வகுத்து 52 சுற்று. மூன்று கம்பி வந்தால் மூன்றால் வகுக்க வேண்டும்.

ஒரே காயிலை எண்ணி நிறுத்தாதீர்கள். எரிந்த இடத்தில் கம்பிகள் உருகி ஒட்டியிருக்கும், எண்ணிக்கை குறையும். எரியாத குரூப்பில் மூன்று காயிலாவது எண்ணுங்கள். 104, 104, 103 என்று வந்தால் 104 என்று எடுக்கலாம். சின்னக் காயில், பெரிய காயில் இரண்டையும் எண்ணுங்கள். சில மோட்டார்களில் சுற்று வேறுபடும்.

சுற்றில் தவறினால் என்ன ஆகும்? சுற்றைப் பத்து சதவீதம் குறைத்தால் இரும்பில் காந்தப் பாயம் சுமார் 11 சதவீதம் கூடும். இரும்பு ஏற்கெனவே நிறைவுக்குப் பக்கத்தில் இருப்பதால், லோடு இல்லாத கரண்ட் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறி, மோட்டார் சும்மா ஓடும்போதே சுடும். பத்து சதவீதம் கூட்டினால் இழுவிசை சுமார் 17 சதவீதம் குறையும். மில் உரிமையாளர் "முன்ன மாதிரி இழுக்கலை" என்று திரும்ப வருவார்.

அடுத்து கேஜ். பிடுங்கிய கம்பி இழுபட்டு மெலிந்திருக்கும், அதை அளக்காதீர்கள். வெட்டிய காயில் தலையிலிருந்து நேரான துண்டு ஒன்றை எடுத்து, லைட்டரில் எனாமலை எரித்து, துணியால் துடைத்துவிட்டு மைக்ரோமீட்டரில் அளங்கள். எமரி பேப்பர் போட்டால் செம்பும் சேர்ந்து தேயும். எனாமலோடு அளந்தால் 0.78 மில்லிமீட்டர் மாதிரி வரும், அதைப் பார்த்து 21 கேஜ் (0.813) என்று முடிவு செய்துவிடுவார்கள். வெறும் செம்பு 0.71, அது 22 கேஜ். எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 22 என்பது 0.711, அடுத்த 23 என்பது 0.610.

அந்தக் கேஜ் கடையில் இல்லையென்றால் பரப்பை வைத்து மாற்றுங்கள். கம்பியின் குறுக்களவை அதாலேயே பெருக்கி, கம்பி எண்ணிக்கையால் பெருக்கினால் ஒப்பிட ஒரு எண் கிடைக்கும். இரண்டு 22 கேஜ் என்றால் 1.01. ஒரு 19 கேஜ் (1.016 மி.மீ.) என்றால் 1.03. ஆக இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகும். "மூன்று கேஜ் இறங்கினால் பாதி" என்று ஒரு வாய்க்கணக்கு சுற்றுகிறது. இங்கே பலிக்கும், 16-க்கும் 19-க்கும் பலிக்காது. ஒவ்வொரு முறையும் பெருக்கிப் பாருங்கள்.

5. பழைய செம்பை எடுப்பது

எரிந்த காயில் எளிதாக வரும். எரியாதது வார்னிஷோடு கல்லாக நிற்கும். அதற்காக ஸ்டேட்டருக்குள் டீசல் ஊற்றிக் கொளுத்துவது இன்னும் நடக்கிறது. நான் செய்ய விடமாட்டேன். கோர் என்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு இடையே ஒரு மெல்லிய காப்புப் பூச்சு இருக்கிறது. திறந்த தீயில் சூடு கட்டுக்குள் நிற்காது, பூச்சு போய்விடும். பிறகு தகடுகளுக்குள்ளேயே கரண்ட் சுற்றி, எவ்வளவு நல்ல காயில் கட்டினாலும் கோர் சுடும். சூடுபடுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் ஓவனில், 360 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல். அலுமினிய பாடி என்றால் சூடே வேண்டாம். வெட்டிய பக்கத்திலிருந்து பஞ்சால் தட்டி மறுபக்கம் இழுக்கலாம்.

எடுத்த செம்பு முழுவதையும் எடை போட்டு எழுதுங்கள். இதில் 3.7 கிலோ வந்தது. புதுக் காயில் அதிலிருந்து ரொம்ப விலகினால் எங்கோ தப்பு என்று இறக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஸ்லாட்டுக்குள் ஒட்டிய பழைய பேப்பரை முழுக்கச் சுரண்டி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பல் முனையில் உருகிய செம்புத் துளி ஒட்டியிருந்தால் சின்ன அரத்தால் அந்த இடத்தை மட்டும் எடுக்க வேண்டும். கோரின் உள்முகத்தை அரத்தால் தேய்த்தால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

6. பேப்பரும் ஃபார்மாவும்

ஸ்லாட் பேப்பர் கோரின் இரண்டு முனையிலும் ஐந்தாறு மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும்; அந்த முனையை மடித்துக் காலர் ஆக்குங்கள். பாடியில் அடிக்கும் காயில்களில் பெரும்பாலானவை அடிப்பது ஸ்லாட்டின் நடுவில் அல்ல, இந்த வாய்முனையில்தான்.

ஃபார்மா அளவைக் கண்ணால் குறிக்காதீர்கள். ஒரு கம்பியை எடுத்து, 1-க்கும் 12-க்கும் இடையே காயில் போகிற மாதிரியே வளைத்து, குறித்து வைத்த தலை உயரத்துக்குக் கொண்டுவந்து, முனைகளை முறுக்கி விடுங்கள். அதுதான் பெரிய காயிலின் ஃபார்மா. 10-க்கும் 8-க்கும் அதேபோல். மூன்று படி உள்ள ஃபார்மாவில் மூன்று காயிலையும் கம்பி வெட்டாமல் தொடர்ந்து சுற்றினால் குரூப்புக்குள் ஜாயின்ட் வராது. முதலில் ஒரே ஒரு குரூப் சுற்றி, இறக்கிப் பார்த்து, மூடியையும் வைத்துப் பார்த்துவிட்டு மற்ற ஐந்தையும் சுற்றுங்கள்.

7. காயில் இறக்கும் வரிசை

லீட் முனைகள் எல்லாம் கேபிள் துளை இருக்கும் பக்கமே வர வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் முதல் குரூப்பைத் திருப்பி இறக்கிவிட்டால் கடைசியில்தான் தெரியும்.

இந்த மோட்டாரின் ஸ்லாட் கணக்கு இது:

ஆர் பேஸ்: முதல் குரூப் 1-12, 2-11, 3-10, இரண்டாம் குரூப் 19-30, 20-29, 21-28.
ஒய் பேஸ்: முதல் குரூப் 7-18, 8-17, 9-16, இரண்டாம் குரூப் 25-36, 26-35, 27-34.
பி பேஸ்: முதல் குரூப் 13-24, 14-23, 15-22, இரண்டாம் குரூப் 31-6, 32-5, 33-4.

பேஸ்களின் தொடக்கம் 1, 7, 13. நான்கு போலில் ஒரு ஸ்லாட் 20 மின் டிகிரி. ஆறு ஸ்லாட் தள்ளினால் 120 டிகிரி. அதுதான் இந்த இடைவெளிக்குக் காரணம்.

இந்த வரிசையில் ஒரு வசதி இருக்கிறது. 1-12, 13-24, 25-36 என்று தொடங்கும் மூன்று குரூப்பும் ஒன்றையொன்று தொடாது. அவற்றை முதலில் இறக்கி, தலையை வெளிப்பக்கமாகப் பாடியை நோக்கித் தட்டிச் சாய்த்துவிடுங்கள். மீதி மூன்று குரூப்பும் மேலே உட்காரும். எந்தக் காயிலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டு அடுக்குக்கும் இடையே பேஸ் பேப்பர் கட்டாயம்; அங்கே இரண்டு பேஸுக்கு நடுவே முழு 415 வோல்ட் நிற்கிறது.

கம்பியை நான்கைந்தாகப் பிரித்து விரலால் இறக்குங்கள், கத்தி மாதிரித் தீட்டிய மூங்கிலால் சீராக்குங்கள். ஸ்குரூடிரைவர் வேண்டவே வேண்டாம். எனாமல் கீறியது கண்ணுக்குத் தெரியாது, மெகரிலும் தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும். எல்லாம் இறங்கியதும் பேப்பரை மடித்து மூங்கில் குச்சியைச் சொருகுங்கள்.

8. இணைப்பு

ஒரு பேஸுக்கு இரண்டே குரூப், ஆனால் நான்கு போல் வேண்டும். இரண்டு குரூப்பிலும் கரண்ட் ஒரே திசையில் சுற்ற வேண்டும்: இரண்டும் வட துருவமாகி, நடுவில் தானாகவே இரண்டு தென் துருவம் உருவாகும். அதனால் முதல் குரூப்பின் முடிவை இரண்டாம் குரூப்பின் தொடக்கத்தோடு சேர்க்க வேண்டும். ஸ்லாட்டுக்கு இரண்டு காயில் பக்கம் இறங்கும் இரட்டை அடுக்கு மோட்டாரில் ஒரு பேஸுக்கு நான்கு குரூப் இருக்கும். அங்கே முடிவோடு முடிவு, தொடக்கத்தோடு தொடக்கம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் முடிவோடு முடிவைச் சேர்த்தால் இரண்டு போல் மோட்டார் ஆகிவிடும். சுவிட்ச் போட்டதும் உறுமும், கரண்ட் எகிறும்.

ஜாயின்டில் இரண்டு கம்பியின் எனாமலையும் முழுக்கச் சுரண்டி, முறுக்கி, சால்டர் செய்து, ஸ்லீவ் போடுங்கள். ஆறு லீட்டையும் தனித்தனியாக வெளியே கொண்டுவந்துவிட்டு, டெல்டா இணைப்பை டெர்மினல் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சோதிக்க வசதி.

9. வார்னிஷுக்கு முன் சோதனை

வார்னிஷ் போட்ட பிறகு கண்டுபிடிக்கும் தவறுக்கு ஒரே பரிகாரம் மறுபடியும் வெட்டுவதுதான். அதனால் எல்லாச் சோதனையும் இங்கே.

முதலில் ஒவ்வொரு பேஸின் ஓமையும் அளங்கள். இந்த மோட்டாரில் 3.8 அளவுக்கு வர வேண்டும், மூன்றும் ஒன்றுபோல இருக்க வேண்டும். முதல் தடவை ஒய் பேஸில் 5.7 காட்டியது. இதைக் கொஞ்சம் யோசித்தால் தவறு எங்கே என்று புரிந்துவிடும். ஒரு குரூப்புக்கு 1.9 ஓம். இரட்டைக் கம்பியில் ஒன்று ஜாயின்டில் தொடாமல் விட்டால், அந்தக் குரூப் முழுவதும் ஒற்றைக் கம்பியாகி 3.8 ஆகும், மற்ற குரூப்பின் 1.9-ஐச் சேர்த்தால் 5.7. ஜாயின்டைப் பிரித்தேன், ஒரு கம்பியில் எனாமல் அப்படியே இருந்தது. இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் மோட்டார் ஓடியிருக்கும், சில வாரத்தில் அந்தக் குரூப் மட்டும் எரிந்திருக்கும்.

அடுத்து மெகர்: ஒவ்வொரு பேஸுக்கும் பாடிக்கும், பேஸுக்கும் பேஸுக்கும். அப்புறம் திசைகாட்டி. ஒரு பேஸுக்கு 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்து, ஸ்டேட்டருக்குள் திசைகாட்டியை ஒரு சுற்றுக் கொண்டுபோங்கள். முள் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு துருவம் காட்ட வேண்டும். இரண்டுதான் காட்டினால் எட்டாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். மூன்று பேஸுக்கும் செய்யுங்கள். பேட்டரியை நீண்ட நேரம் விட வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் தலைகளை நூலால் இறுக்கிக் கட்டி, ரோட்டரையும் மூடியையும் ஒரு தடவை வைத்து, எதுவும் தட்டவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

10. வார்னிஷ்

வார்னிஷின் முதல் வேலை மினுமினுப்பு அல்ல. ஸ்லாட்டுக்குள் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் காற்றை வெளியேற்றி, அந்த இடத்தை நிரப்பி, கம்பிகளை அசையாமல் பிடிப்பது. மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு கம்பியும் விநாடிக்கு நூறு தடவை அதிரும். பிடிப்பு இல்லாவிட்டால் எனாமல் உரசித் தேய்ந்துவிடும். தூரிகையால் தலையில் மட்டும் சிவப்பு வார்னிஷ் பூசினால் இந்த வேலை நடக்காது. ஓவனில் காய வைக்கும் வகை வார்னிஷ் வாங்குங்கள்.

முதலில் ஸ்டேட்டரை 110 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து ஈரத்தை ஓட்டுங்கள். பேப்பரும் நூலும் ஈரம் குடித்திருக்கும். அதன் மேல் வார்னிஷ் போட்டால் ஈரம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். வெளியே எடுத்ததும் முக்கக் கூடாது. அந்தச் சூட்டில் தின்னர் குபுகுபுவென ஆவியாகி, மேலே தோல் கட்டி உள்ளே இறங்காது. தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. 60 டிகிரிக்கு ஆறும் வரை, அதாவது கையை ஒரு நொடி வைத்து எடுக்க முடிகிற சூடு வரும் வரை, காத்திருங்கள்.

பிறகு ஸ்டேட்டரைச் செங்குத்தாக, மெதுவாக முக்குங்கள். குமிழி வந்துகொண்டே இருக்கும்; நிற்கும் வரை, பதினைந்து இருபது நிமிடம், எடுக்காதீர்கள். வார்னிஷ் தேன் மாதிரி கெட்டியாக இருந்தால், டப்பாவில் சொன்ன தின்னரை மட்டும் சேர்த்து இளக்குங்கள். தூக்கி அரை மணிக்கு மேல் வடிய விட்டு, கோரின் உள்முகத்தையும் மூடி உட்காரும் விளிம்பையும் தின்னர் துணியால் துடைத்துவிடுங்கள். இதை மறந்தால் காய்ந்த பிறகு ரோட்டர் உள்ளே போகாது.

காய வைக்கும் சூடும் நேரமும் டப்பாவில் இருக்கும். பொதுவாக 130 முதல் 140 டிகிரி, ஆறு முதல் எட்டு மணி நேரம். காற்று வெளியேறும் வழி இல்லாத ஓவனில் தின்னர் ஆவி தேங்கும், அது வெடிக்கக்கூடியது. காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது ஏமாற்று. மேலே காய்ந்திருக்கும், ஸ்லாட்டுக்குள் பச்சையாக இருக்கும். ஓவனில் இருக்கும்போதே மணிக்கு ஒரு முறை மெகர் போட்டு எழுதுங்கள். முதலில் இறங்கும், பிறகு ஏறும், கடைசியில் ஒரே எண்ணில் நிற்கும். நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். ஆறியதும் நான் 100 மெகா ஓமுக்குக் குறையாமல் எதிர்பார்ப்பேன்.

ஸ்டேட்டரைத் தலைகீழாகத் திருப்பி இரண்டாவது முறையும் முக்குங்கள். முதல் தடவை வடிந்துபோன மேல்பக்கம் இப்போது நிரம்பும்.

11. ஓட்டிப் பார்ப்பது

லோடு இல்லாமல் ஓட்டி, மூன்று லைனிலும் டாங் டெஸ்டர் வையுங்கள். இந்த அளவு மோட்டாரில் 3 முதல் 3.5 ஆம்பியர் வரும், இதில் 3.2, 3.2, 3.3 வந்தது. 5-க்கு மேல் போனால் சுற்றுக் கணக்கைச் சந்தேகப்படுங்கள். மூன்றும் வேறு வேறாக இருந்தால் லைன் வோல்டேஜை முதலில் அளங்கள், காயிலைப் பிறகு பார்க்கலாம். அரை மணி ஓட விட்டு, பாடியில் ஓரிடம் மட்டும் சுடுகிறதா என்று தடவிப் பாருங்கள்.

மோட்டாரைக் கொண்டுபோய் மாட்டும் அன்று ஸ்டார்ட்டரையும் திறந்து பார்த்தேன். ஒரு காண்டாக்ட் கருகி, தொட்டும் தொடாமலும் இருந்தது. ஓவர்லோடு ரிலேயை யாரோ 12 ஆம்பியரில் வைத்திருந்தார்கள், "அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு". ஒரு பேஸ் போன நிலையில் லைன் கரண்டில் மூன்றில் இரண்டு பங்கு, நேராக இருக்கும் அந்த ஒரு பேஸ் வழியாகப் போகும். 12 ஆம்பியரில் அது 8. அந்தப் பேஸ் தாங்கக்கூடியது 4.3. ரிலே அப்போதும் பேசாமல் இருந்திருக்கும். காண்டாக்ட் செட்டை மாற்றி, ரிலேயை 7.5-க்கு இறக்கி வைத்த பிறகே புது மோட்டாருக்கு சுவிட்ச் போட்டேன்.